படத்தை விடலாம், ஆறு மணியை விடக் கூடாது

கேள்வி:

ஆரணி கொசப்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்களுடையது தலைமுறை தலைமுறையாகப் பட்டுத்தறி ஓடும் வீடு. இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை; கணவர், குழந்தையோடு அங்கேயே குடியிருக்கிறேன். ஆரணியில் அம்மா இருக்கிறார். பக்கத்துத் தெருவில் பெரியப்பா. எழுபது வயது தாண்டியும் தறியில் உட்காருகிறார். சைதாப்பேட்டையில் அத்தை தனியாக இருக்கிறார். இவர்களைத் தவிர மாமா, சித்தி, தூரத்து உறவு என்று மொத்தம் பதினான்கு பெரியவர்களுக்குத் தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் 'காலை வணக்கம்' படம் அனுப்புவேன். ஏதாவது ஒரு குரூப்பில் வந்த ரோஜாப்பூ, பிள்ளையார், பொன்மொழி என்று எது கிடைத்தாலும் அப்படியே தள்ளிவிடுவேன். அவர்களும் பதிலுக்கு ஒரு படம் அனுப்புவார்கள்.

போன மாதம் பெரியப்பாவுக்கு நான்கு நாள் காய்ச்சல். நான்கு நாளும் அவரிடமிருந்து முருகன் படம் தவறாமல் வந்தது. நன்றாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அதே வாரம் அத்தையின் நாத்தனார் இறந்த செய்தி தெரியாமல், "சிரித்த முகத்தோடு இந்த நாளைத் தொடங்குங்கள்" என்று அத்தைக்கு ஒரு படம் போய்விட்டது. அத்தை ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

படம் அனுப்புவதையே விட்டுவிடலாம் என்றால், என் சித்தப்பா மகன் அப்படி நிறுத்தியபோது, "ஏம்பா, எங்க மேல என்ன கோவம்?" என்று வீட்டில் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதலாம் என்றால், ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். பதினான்கு பேருக்கு என்ன எழுதுவது, எப்படி எழுதுவது? அம்மாவுக்குத் தமிழில் டைப் செய்ய வராது. பழக்கம் விட்டுப் போகாமல் இதை மாற்ற வழி உண்டா?

வாசகி, ஒரகடம்

பதில்:

வழி உண்டு. அதற்கு முன்னால், இந்தப் படங்கள் இத்தனை நாளும் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்று பார்த்துவிடுவோம். ஒரு வேலையை அவை ஒழுங்காகச் செய்தன. இன்னொன்றைச் செய்யவே இல்லை.

உங்கள் சித்தப்பா மகன் நிறுத்தியதும் "என்ன கோவம்?" என்று கேட்டார்களே, அப்போது அவர்களுக்குக் குறைந்தது ரோஜாப்பூ இல்லை. தினமும் ஒரு நேரத்துக்கு ஒரு பெயர் திரையில் வரும், அது வரவில்லை. வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒரு ஆஜர் கணக்கு. பிள்ளை எழுந்துவிட்டாள், நம்மை நினைத்தாள், இன்றைக்கும் உறவு சரியாக இருக்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லும். அந்த வேலையைப் படம் செய்தது.

செய்யாத வேலை, உங்கள் பெரியப்பாவின் காய்ச்சலில் தெரிந்தது. படுத்த படுக்கையிலும் கட்டைவிரலை ஒரு தட்டு தட்டினால் முருகன் படம் போய்விடும். அவர் கை போனைத் தொட்டது என்பதற்கு மேல் அந்தப் படம் உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை. அத்தை வீட்டிலும் அதுவே நடந்தது. யார் செய்தது என்று தெரியாத படத்துக்கு, போய்ச் சேரும் வீட்டில் சாவா கல்யாணமா என்று எப்படித் தெரியும்?

ஆகவே நேரத்தைத் தொடாதீர்கள். அந்த நேரத்தில் போகும் சரக்கை மட்டும் மாற்றுங்கள்.

ஜப்பானில் ஜோஜிருஷி என்ற கம்பெனி 2001-ல் ஒரு மின்சாரக் கெட்டிலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தனியாக இருக்கும் பெரியவர் தேநீருக்கு வெந்நீர் பிடித்தால், அந்தத் தகவல் வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு மின்னஞ்சலில் போய்விடும். பெரியவர் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. வழக்கம்போலத் தேநீர் குடித்தால் போதும். ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தின் மேலேயே தகவலை ஏற்றியதுதான் அதன் கெட்டிக்காரத்தனம். உங்களுக்குக் கெட்டில் வாங்கும் செலவுகூட இல்லை. ஆறு மணிப் பழக்கம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆனால், வெந்நீர் பிடித்தார் என்று சொல்லும் கெட்டிலால் என்ன மனநிலையில் பிடித்தார் என்று சொல்ல முடியாது. படத்துக்குப் பதில் நீங்கள் சொந்தமாக எழுதும் ஒரு வரியால் அதையும் தெரிந்துகொள்ள முடியும்.

இந்தப் படப் பழக்கம் உங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதும் இல்லை. இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தினமும் போனில் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் அந்த நிலை என்று 2018 ஜனவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. இங்கே இடத்தை அடைப்பதில் காலை வணக்கப் படங்களுக்குப் பெரிய பங்கு என்பதுதான் அந்தக் கட்டுரையின் செய்தி. வாட்ஸ்அப்பும் ஃபார்வர்டு செய்வதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமாக்கியது. 2018-ல் இந்தியாவில் ஒரு நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் என்று வரம்பு வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து, பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். அந்த மாதிரிப் படத்தைப் பதினான்கு பேருக்கு அனுப்ப நீங்கள் பதினான்கு தடவை பெயர் தேட வேண்டும். அந்தச் சிரமத்தில் பாதியிலேயே மூன்று பேருக்குச் சொந்தமாக ஒரு வரி எழுதிவிடலாம்.

முதலில் பதினான்கைக் குறைப்போம். பதினான்கு பேருக்கும் தினமும் தனித்தனியாக எழுத உங்களால் முடியாது. முயன்றால் இரண்டாவது வாரத்தில் கைவிடுவீர்கள். பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். உங்களிடமிருந்து ஒருநாள் சேதி வராவிட்டால் யாருக்கு அந்த நாள் குறையோடு போகும்? அம்மா, பெரியப்பா, தனியாக இருக்கும் அத்தை. இந்த மூவருக்குத் தினமும் எழுதுங்கள். மற்ற பதினோரு பேரில் நாளைக்கு இரண்டு பேர் என்று முறை வைத்தால், ஆறு நாளைக்குள் எல்லோருக்கும் ஒரு தடவை போய்விடும். உங்கள் முறை வராத நாளில் அவர்களிடமிருந்து படம் வந்தால் ஒரு கும்பிடு போட்டால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு எல்லோருக்கும் ஒரே வரியை அனுப்பலாமே என்று தோன்றும். வேண்டாம். ஒரே வரி பதினான்கு பேருக்குப் போனால் அது நீங்களே தயாரித்த ஃபார்வர்டு, அவ்வளவுதான்.

என்ன எழுதுவது? வரிக்கு மூன்று அங்கம் இருந்தால் போதும். முதலில் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுங்கள்: பெரியப்பா, அத்தை, அம்மா. நேரில் கூப்பிடுவதுபோலவே இருக்கட்டும். அம்மாவிடம் "நீ" என்றுதான் பேசுவீர்கள் என்றால் எழுத்திலும் "நீ"தான். திடீரென்று "தாங்கள்" என்று எழுதினால் அவருக்குப் பயம் வந்துவிடும். இரண்டாவது, உங்களைப் பற்றி ஒரு துளி: எழுந்துவிட்டேன், பஸ்ஸில் இருக்கிறேன், பாப்பா இன்னும் தூங்குகிறாள். ஆஜர் கணக்கு இதில் முடிந்துவிடுகிறது. மூன்றாவது, அவரைப் பற்றி ஒன்று. அது நேற்று அவர் சொன்னதிலிருந்து எடுத்ததாக இருக்க வேண்டும்.

இந்த மூன்றாவது அங்கம்தான் முக்கியமானது. தினமும் புதிதாக என்ன எழுதுவது என்று யோசித்தால் மூளை வறண்டுபோகும். யோசிக்கவே வேண்டாம். நேற்றைய பதிலைத் திறந்து பாருங்கள். இன்றைய வரி அதில் இருக்கும். உங்கள் வீட்டில் பாவு பிணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழைய பாவின் நுனியை விட்டுவிட்டால் முதலிலிருந்து அச்சில் கோக்க வேண்டும். நுனி இருந்தால் புது இழையை அதோடு முறுக்கி ஒட்டிக்கொண்டே போகலாம். இதுவும் அப்படித்தான்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்காதீர்கள். அதற்கு நம் பெரியவர்களிடம் இருப்பது ஒரே பதில்: "நல்லா இருக்கேம்மா." காய்ச்சலிலும் அதைத்தான் சொல்வார்கள். பிள்ளைக்குக் கவலை கொடுக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம். ஆனால் அவர்களுடைய அன்றைய வேலையைப் பற்றிக் கேட்டால் உண்மை தானாக வந்துவிடும். மாதிரிக்கு, பெரியப்பாவோடு ஒரு வாரம் எப்படிப் போகலாம் என்று எழுதிக் காட்டுகிறேன்.

திங்கள்: "பெரியப்பா, எழுந்துட்டேன். இங்க ராத்திரி பூரா மழை. அங்க தறிக்குழியில ஈரம் ஏறிடுச்சா?"
அவர் குரல்பதிவில்: "இல்லம்மா, தூறல்தான். பாவு முடியப் போவுது. புதன்கிழமை பிணைக்க ஆள் வருது."

செவ்வாய்: "பெரியப்பா, பஸ் ஏறிட்டேன். நாளைக்குப் பிணைக்க வர்றது போன தடவை வந்தவர்தானா?"
அவர்: "அவருக்குக் கண்ணு சரியில்லையாம். மகன் வரான்."

புதன்: "பெரியப்பா, இன்னிக்குப் பிணைக்கிற நாள். பெரியம்மாவுக்கு டீ போட்டே கை ஓஞ்சிடும். நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க."
அவர் ஒரு கட்டைவிரல் படம் போடுகிறார்.

வியாழன்: "பெரியப்பா, பாப்பா எழுந்து தாத்தா எங்கன்னு கேக்கறா. புதுப் பாவு என்ன கலர்?"
அவரிடமிருந்து தறியின் போட்டோ, கீழே, "மாம்பழக் கலர். அரக்கு பார்டர்."

வெள்ளி: "பெரியப்பா, போட்டோவைப் பாப்பாகிட்ட காட்டினேன். மாம்பழக் கலர் கண்ணைப் பறிக்குது. காலையிலேயே உக்காந்தாச்சா?"
அவர்: "இன்னிக்கு உக்காரல."

நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். புதுப் பாவு ஏறியிருக்கும்போது நெசவுக்காரர் தறியில் உட்காரவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். முதுகுவலியா, காய்ச்சலா, சரிகை வந்து சேரவில்லையா? எழுத்தில் நோண்டாமல் அந்த நிமிடமே போன் போடுங்கள். பெரியப்பா "எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஒருநாளும் எழுத மாட்டார். "உக்காரல" என்ற ஒரு சொல்லில் அதைச் சொல்லிவிடுவார். போன மாதம் நான்கு முருகன் படங்களில் உங்களுக்குக் கிடைக்காத சேதி இது.

புதன்கிழமை வரியில் கேள்வி இல்லை என்பதையும் கவனியுங்கள். தினமும் கேள்வி கேட்டால் அது விசாரணை ஆகிவிடும்; பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற பாரம் ஏறும். இரண்டு நாள் கேட்டால் மூன்றாம் நாள் சும்மா சொல்லுங்கள். கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. இந்த வாரம் சேலை அறுத்தாச்சா, கூலி வந்ததா, கொடுத்த முன்பணம் எவ்வளவு கழிந்தது என்பதெல்லாம் காலை வேளையில் வேண்டாம். தறி வீட்டில் அந்தக் கேள்விகளைக் கேட்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். மாத்திரை போட்டீங்களா என்பதும் தினசரிக் கேள்வியாக வேண்டாம். இரண்டே வாரத்தில், போடாவிட்டாலும் "போட்டாச்சு" என்று வரத் தொடங்கும்.

இப்படிச் சாதாரணமாக அன்றாடம் பேசுவதற்குப் பலன் உண்டா என்று அமெரிக்காவில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனிந்தர் கலோன் குழுவினர், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பயனாளிகள் 240 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒரு பாதிக்கு நான்கு வாரம் போன் அழைப்பு போனது. பேசியவர்கள் 17 முதல் 23 வயது வரையிலான இளைஞர்கள். மருத்துவர்களோ மனநல ஆலோசகர்களோ அல்ல. முதல் வாரம் ஐந்து நாள் அழைத்தார்கள். அதன் பிறகு எத்தனை நாள் வேண்டும் என்பதைப் பெரியவர்களே முடிவு செய்தார்கள். பேச்சு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த இளைஞர்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. எதிர்முனையில் இருந்தவர் எதைப் பேச விரும்பினாரோ அதைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அழைப்பு வந்தவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்ததாக 2021-ல் ஜாமா சைக்கியாட்ரி இதழில் முடிவு வெளியானது. அது குரலோடு குரல் பேசிய சோதனை. எழுத்துக்கும் அதே பலன் என்று சொல்லிவிட முடியாது. அதனால்தான், எழுத்து தினமும் போனாலும் வாரம் ஒருமுறையாவது ஞாயிற்றுக்கிழமை போல ஒருநாளில் மூவரிடமும் வாய்விட்டுப் பேசுங்கள் என்கிறேன். வார நாளில் சேர்ந்த வரிகளால் அந்தப் பேச்சுக்கு விஷயமும் கிடைக்கும்.

அம்மாவுக்கு டைப் செய்ய வராது என்கிறீர்கள். அவர் டைப் செய்ய வேண்டாம். வாட்ஸ்அப்பில் மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசி, விரலை எடுத்தால் போய்விடும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். அவர் பேசியதை அவரே கேட்கட்டும். முதல் தடவை தன் குரலைக் கேட்டுச் சிரிப்பார். அதன் பிறகு பழகிவிடும். விரலை அழுத்திப் பிடிப்பது சிரமம் என்றால், மைக்கை அழுத்தியபடியே மேலே தள்ளிவிட்டால் பூட்டு விழும். விரலை எடுத்துவிட்டுப் பேசி, முடிந்ததும் அனுப்பும் பொத்தானைத் தட்டலாம். உங்கள் அரட்டை முதல் பக்கத்திலேயே தெரியும்படி அவர் போனில் பின் செய்துவிடுங்கள். காலையில் கண்ணாடி தேடி, பெயர் தேடி அலைய வேண்டியிருக்காது.

நீங்களும் அம்மாவுக்குக் குரலிலேயே அனுப்பலாம். அவர் தார் சுற்றும்போது கை ராட்டையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும். பதினைந்து விநாடிக்குள் முடியுங்கள். பஸ் இரைச்சலில் பேசாதீர்கள்; படி இறங்குவதற்கு முன்னால் வீட்டிலேயே பேசிவிடுங்கள். அத்தைக்குக் காது மந்தம் என்றால் எழுத்துதான் சரி. அவர் போனில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி வையுங்கள். ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். பெரிய எழுத்தில் ஒரு வரியே நான்கு வரியாக மடியும்.

மாற்றத்தை எப்படித் தொடங்குவது? படத்தை நாளையே நிறுத்த வேண்டாம். முதல் வாரம் வழக்கமான படத்துக்குக் கீழே உங்கள் வரியைச் சேருங்கள். பதில் எதற்கு வருகிறது என்று பாருங்கள். படத்துக்குப் படம் வரும். வரிக்கு வார்த்தை வரும். வார்த்தை வரத் தொடங்கிய பிறகு இரண்டாம் வாரம் படத்தை விடுங்கள். பார்க்க ஏதாவது இருந்தால்தான் பெரியவர்களுக்குப் பிடிக்கும் என்றால், உங்கள் வீட்டு ஜன்னல், பாப்பாவின் சீருடை, காலை டிபன் என்று நீங்களே எடுத்த போட்டோ ஒன்றை வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் சேருங்கள்.

எழுதிய வரி உருப்படியானதா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அத்தைக்கு எழுதியதை அப்படியே மாமாவுக்கும் அனுப்ப முடியுமா? முடியும் என்றால் அது இன்னும் ஃபார்வர்டுதான். "காலை வணக்கம் அத்தை, இந்த நாள் நல்லா அமையட்டும்" என்பது நீங்களே டைப் செய்ததாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறாது. "அத்தை, நேத்து வாங்கின கீரை விதை போட்டீங்களா?" என்பது தேறும். ஒரு மாதம் போனதும் கை பழகி, "எழுந்துட்டேன், பஸ் ஏறிட்டேன்" என்று வார்ப்பு வரி தானாக வரும். அந்த நாளில் முந்தைய பதிலைப் படிக்காமல் அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். பதிலும் சுருங்கிக் கும்பிடு படமாக மாறியிருக்கும். அதைக் கண்டால் மறுநாள் நின்று, பழைய பதில்களைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஒருநாள் தவறும் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு நைட் ஷிப்ட், பத்து மணிக்குத்தான் எழுதுவேன்." பழக்கம் எவ்வளவு உறுதியாகிறதோ, தவறும் நாளில் அவர்களுக்கு அவ்வளவு பதைப்பு வரும். இந்தப் பொறுப்பு உங்களுடையது.

அவர்கள் பக்கம் பதில் வராத நாளும் வரும். ஒரே ஒரு டிக் என்றால் போன் அணைந்திருக்கிறது அல்லது நெட் இல்லை. இரண்டு சாம்பல் டிக் என்றால் போனுக்குப் போய்விட்டது, இன்னும் திறக்கவில்லை. நீலமானால் திறந்தாயிற்று; அதற்காக நலம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூவரிடமும் இப்போதே பேசி ஒரு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிவரை பதில் இல்லை என்றால் போன் அடிப்பேன், எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்குச் சொல்வேன் என்று. பக்கத்து வீட்டு எண் உங்களிடம் இருக்கிறதா? தனியாக இருக்கும் அத்தைக்கு இது கட்டாயம் வேண்டும். முதியோருக்கு உதவவென்று மத்திய அரசு 14567 என்ற கட்டணமில்லா எண்ணை வைத்திருக்கிறது; ஆனால் அவசரத்துக்குக் கதவைத் தட்டப்போவது எதிர்வீட்டுக்காரர்தான்.

கடைசியாக, அவர்கள் அனுப்பும் படங்களைப் பற்றி. நீங்கள் நிறுத்துங்கள்; அவர்களை நிறுத்தச் சொல்லாதீர்கள். பெரியப்பா முருகன் படம் அனுப்புவது அவர் பிள்ளைகளுக்கு விபூதி பூசுகிற மாதிரி. போனில் இடம் அடைக்கிறது என்றால் அது உங்கள் வேலை. ஊருக்குப் போகும்போது அவர் வாட்ஸ்அப்பில் Settings, அதில் Storage and data, அதில் Manage storage திறந்தால் Forwarded many times என்று தனியாகச் சேர்ந்திருக்கும். கூட உட்கார்ந்து, வேண்டியதை அவரையே காட்டச் சொல்லி, மற்றதை நீக்குங்கள். அப்போதே இன்னொன்றும் சொல்லிவையுங்கள்: படம் வந்தால் பார்க்கலாம். ஆனால் வாழ்த்து, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் யாராவது லிங்க்கோ, .apk என்று முடியும் ஃபைலோ அனுப்பினால், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடக் கூடாது. பணம் பறிபோவது அந்த வழியில்தான்.

முறை வைப்பதும் டிக் பார்ப்பதும் உங்களோடு இருக்கட்டும். வீட்டுக்காரர்களிடம், "இனிமேல் படம் அனுப்ப மாட்டேன், சொந்தமாக எழுதப்போகிறேன்" என்று அறிவித்துவிட்டுத் தொடங்காதீர்கள். அறிவித்தால் அவர்கள் அனுப்பும் படங்களைக் குறை சொன்னதாக ஆகிவிடும். நாளைக் காலை, அத்தை ஒருவருக்கு மட்டும், படம் இல்லாமல் ஒரு வரி எழுதுங்கள். நாத்தனார் இறந்தது உங்களுக்குத் தெரியாமல் போனதைச் சொல்லி, காரியம் எப்படி நடந்தது என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு அடுத்த நாளிலிருந்து தொடங்கலாம்.